குழந்தை பிறந்தாச்சு, வயிறு மட்டும் ஏன் அப்படியே இருக்கு?

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து பார்வை போவது தாயின் வயிற்றுக்கு. "என்னம்மா, உள்ளே இன்னொண்ணு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் கேட்பார். "பெல்ட் போடலையா? அதான் இப்படி" என்று இன்னொருவர் காரணம் சொல்வார். "சோத்தைக் குறை, எழுந்து நட" என்று மூன்றாமவர் வைத்தியமே சொல்லிவிடுவார்.

இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: வயிறு பெரிதாக இருந்தால் அது கொழுப்பு, அது இவளுடைய கவனக்குறைவால் தங்கிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. அந்த வயிற்றுக்குள் சுருங்கிக்கொண்டிருக்கும் கருப்பை இருக்கிறது, வடிய வேண்டிய நீர் இருக்கிறது, விலகி நிற்கும் தசைகளும் தளர்ந்த தோலும் இருக்கின்றன. கொழுப்பும் கொஞ்சம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. அதனால் மூன்றாம் நாள் வயிறும், ஆறாவது வார வயிறும், எட்டாம் மாத வயிறும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. பிரசவமாகி எத்தனை நாள் ஆகிறது என்று தெரியாமல் அந்த வயிற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முதலில் கருப்பை. நிறைமாதத்தில் குழந்தையும் நீரும் இல்லாமல் கருப்பை மட்டுமே ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும். பிரசவமான சிறிது நேரத்தில் அது இறுகி, தொப்புள் உயரத்தில் கெட்டியான உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து நாளுக்குச் சுமார் ஒரு விரல் அகலம் கீழே இறங்குகிறது. ஒரு வாரத்தில் எடை பாதியாகிறது. 10 முதல் 14 நாட்களில் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் போய்விடுவதால் வயிற்றின் மேல் கை வைத்தால் தெரியாது. பழைய அளவான 60 முதல் 80 கிராமுக்கு வர ஆறு வாரம் ஆகும். ஆக, முதல் பத்து நாளில் ஒரு தாய்க்கு வயிறு துருத்திக்கொண்டு இருந்தால் அதில் பெரும்பங்கு கருப்பையும் வாயு, மலச்சிக்கலால் உப்பிய குடலும்தான். அந்த நாட்களில் வயிறு தட்டையாக இருப்பதுதான் அபூர்வம்.

கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். குழந்தை பால் குடிக்கும்போது அது சுரக்கிறது. பால் கொடுக்கும் நேரத்தில் அடிவயிற்றில் பிடித்து இழுப்பது போல வலிப்பது இதனால்தான். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வலி கூடுதலாக இருக்கும். வெளியிலிருந்து துணியையோ பெல்ட்டையோ இறுக்கிக் கட்டுவது கருப்பை சுருங்குவதை விரைவுபடுத்தாது. ஆனால் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை மேலே தள்ளப்பட்டு இறுக்கம் தளர்கிறது, இரத்தப்போக்கு கூடுகிறது. முதல் நாட்களில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சுருக்கம் சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வயிற்றின் வெளித்தோற்றம் உதவாது, உதிரப்போக்கைத்தான் கவனிக்க வேண்டும். முதல் மூன்று, நான்கு நாள் நல்ல சிவப்பாக இருக்கும். பிறகு வெளிறிய பழுப்புச் சிவப்பு, அதன்பின் மஞ்சள் கலந்த வெண்மை. மொத்தத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நீடிக்கலாம். வெளிறிய பிறகு மறுபடி சிவப்பாகி அதிகரித்தால், கெட்ட வாடை வந்தால், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், கருப்பைக்குள் நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கலாம், தொற்று ஏற்பட்டிருக்கலாம். பெரிய நாப்கின் ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. "வயிறு இறங்கலையே" என்று பத்து பேர் கேட்கிற வீட்டில், "உதிரம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர் ஒருவராவது இருந்தால் நல்லது.

அடுத்து எடை. கர்ப்பத்துக்கு முன் 58 கிலோ இருந்த ஒருவர் 12.5 கிலோ கூடி, 70.5 கிலோவில் பிரசவத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12.5 கிலோ எங்கே இருந்தது? சராசரியாகக் குழந்தை 3.4 கிலோ, நஞ்சுக்கொடி 0.65, பனிக்குட நீர் 0.8. கருப்பை வளர்ந்தது கிட்டத்தட்ட 1 கிலோ. கூடிய இரத்தம் சுமார் 1.5, திசுக்களில் தேங்கிய நீர் இன்னொரு 1.5. மார்பகம் 0.4. மீதி 3.3 கிலோதான் கொழுப்பு.

பிரசவ மேசையிலிருந்து இறங்கும்போது குழந்தையும் நஞ்சுக்கொடியும் நீரும் கொஞ்சம் இரத்தமும் போய், எடை ஏறக்குறைய 65 ஆகிறது. "பிள்ளையே மூணு கிலோவுக்கு மேல, ஆனா அஞ்சரைதான் குறைஞ்சிருக்கா?" என்று தாய்க்கே ஏமாற்றமாக இருக்கும். அடுத்த ஒரு வாரத்தில் தேங்கிய நீரும் கூடுதல் இரத்தமும் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறுகின்றன. இரவில் உடை நனையும் அளவு வியர்ப்பது இந்த வேலையின் ஒரு பகுதி. நரம்பு வழியாக நிறைய சலைன் ஏற்றியிருந்தால் பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள் கால் முன்பைவிடக் கூடுதலாகக்கூட வீங்கும், பிறகு வடியும். வாரக் கடைசியில் எடை 62-ஐ ஒட்டி வரும். ஆறு வாரத்தில் கருப்பையும் முழுதாகச் சுருங்கிய பின், இவர் நிற்பது சுமார் 61.7 கிலோவில். பழைய எடைக்கு மேல் மீதமிருப்பது கொழுப்பும் மார்பகத்தின் எடையும் மட்டும்.

அந்த 3.3 கிலோ கொழுப்பு பால் சுரப்புக்காக உடல் சேர்த்து வைத்த இருப்பு. முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்போது நாளொன்றுக்கு முக்கால் லிட்டரை ஒட்டிப் பால் சுரக்கிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் முதல் ஆறு மாதத்தில் சுமார் 675 கிலோகலோரி என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் ஏற்றிருக்கும் கணக்கு. அதில் 170-ஐ உடல் தன் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மீதி 505 சாப்பாட்டிலிருந்து கூடுதலாக வர வேண்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருக்கிறது. நாளுக்கு 170 வீதம் 3.3 கிலோ தீர ஐந்து மாதம் ஆகும். எல்லாம் சரியாக நடந்தாலே ஐந்து மாதம். தூக்கமின்மை, பசி, பால் கொடுக்கும் அளவு, கர்ப்பத்தில் கூடிய எடை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரு வருடம் ஆவதும், கொஞ்சம் தங்கிவிடுவதும் சாதாரணம். ஆறாவது வாரத்தில் "இன்னும் பழைய மாதிரி ஆகலையே" என்பவர், ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் வேலையை ஒன்றரை மாதத்தில் கேட்கிறார்.

இதே கணக்கு இன்னொரு தவறையும் காட்டுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து சாப்பாட்டைப் பாதியாக்கினால் பறிபோவது கொழுப்பு மட்டும் அல்ல, தசையும்தான். தலைசுற்றலும் களைப்பும் வரும். பால் நன்றாக நிலைபெற்ற பிறகு, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மிகாமல் மெதுவாகக் குறைந்தால் பாலுக்குக் கெடுதல் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் வயிறு பெருக்காது என்ற அறிவுரையை என்னவென்று சொல்வது! குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குவதில்லை. குறைத்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், அந்த அழுத்தம் ஏற்கெனவே தளர்ந்த அடித்தசைகள் மீதும் தையல் மீதும் போகும். சிறுநீர்த் தொற்றுக்கும் அது வழி.

ஆறு வாரத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கிவிட்டது, நீர் வடிந்துவிட்டது, எடைகூட ஓரளவு இறங்கிவிட்டது. ஆனாலும் சாயங்காலமானால் நாலைந்து மாதக் கர்ப்பம் போல வயிறு முன்னால் தள்ளுகிறது என்றால் காரணம் வேறு. இதை உறவினர்கள் மட்டுமல்ல, தாய்மார்களே தொப்பை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வயிற்றின் முன்பக்கம் மார்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு நீளத் தசைகள் ஓடுகின்றன. நடுவில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு நார்ப்பட்டை. கர்ப்பத்தில் வயிறு வளர இந்தப் பட்டை மெலிந்து அகல்கிறது, தசைகள் பக்கவாட்டில் விலகுகின்றன. நிறைமாதத்தில் இது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். இடமில்லாமல் குழந்தை வளர முடியாது. பிரசவத்துக்குப் பிறகு விலகல் நீடித்தால் மருத்துவர்கள் டயாஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள். நார்வேயில் முதல் பிரசவமான 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இந்த விலகல் இருந்தது. ஆறாவது மாதத்தில் 45 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அந்தப் பட்டை தளர்ந்திருக்கும்போது குடலைத் தாங்கும் முன்சுவர் பலமாக இல்லை. சாப்பிட்ட பின், நின்று வேலை செய்த பின், மாலையில் வயிறு தள்ளும். காலையில் எழும்போது கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும். கொழுப்பு காலைக்கும் மாலைக்கும் அப்படி மாறாது.

வீட்டிலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். ஆறு வாரம் ஆன பிறகு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதம் தரையில் பதியும்படி வையுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே, வயிற்றின் குறுக்காக இரண்டு விரல்களை மெதுவாக அழுத்தி வையுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தலையையும் தோளையும் மட்டும் சில சென்டிமீட்டர் தூக்குங்கள். விரல்களின் இருபுறமும் தசை விளிம்புகள் இறுகி உள்நோக்கி வருவது தெரியும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். தொப்புள் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் அதையே செய்யுங்கள். இரண்டு விரல் அகலம் வரை பொதுவாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. அகலத்தைவிட முக்கியமான கேள்வி, விரல் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பது. இரண்டரை விரல் அகலம் இருந்தும் அடியில் பட்டை இறுக்கமாகத் தட்டுப்பட்டால் அந்த வயிறு நன்றாகவே வேலை செய்யும். இரண்டு விரல்தான் என்றாலும் விரல் தடையில்லாமல் ஆழமாக இறங்கினால் பயிற்சி தேவை. தலையைத் தூக்கும்போது நடுவயிற்றில் நீளவாக்கில் ஒரு முகடு எழும்பினால், அந்த அசைவின் அழுத்தத்தை முன்சுவர் இப்போதைக்குத் தாங்கவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில்தான் பேச்சு காயத்தோடு நிற்காமல் கெடுதலும் செய்கிறது. "தொப்பை" என்று கேட்டவர் தேடிப்போவது தொப்பை குறைக்கும் பயிற்சியை. மல்லாந்து படுத்து முழுதாக எழுந்து உட்காருவது, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது என்று நாளுக்கு ஐம்பது, நூறு. ஒருமுறை தலை தூக்கினாலே இடைவெளி நிரந்தரமாக விரிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதும் மிகைதான். அப்படி ஒன்றும் நடக்காது. ஆனால் முகடு எழும்ப எழும்ப, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் பலவீனமான இரண்டு இடங்களைத் தேடிப் போகும். ஒன்று முன்னாலிருக்கும் அந்தப் பட்டை, மற்றொன்று கீழே சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். ஒரு மாதம் வியர்வை சிந்திய பிறகு வயிறு குறையாததோடு, இருமினால் சிறுநீர் கசிவது புதிதாகச் சேர்ந்துகொள்வது இப்படித்தான்.

சரியான தொடக்கம் பார்ப்பதற்குப் பயிற்சி மாதிரியே இருக்காது. படுத்தபடி முழங்காலை மடித்து, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். மெதுவாக வெளியே விடும்போது சிறுநீரையும் வாயுவையும் ஒரே சமயத்தில் அடக்குவது போல இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, அடிவயிற்றை மெல்ல உள்ளே சேர்க்க வேண்டும். பின்புறத்தையோ தொடையையோ இறுக்கக் கூடாது. எட்டிலிருந்து பத்து முறை, ஒவ்வொன்றும் முடிந்த அளவு, போகப்போக பத்து விநாடி வரை. நாளுக்கு மூன்று வேளை. மூத்திரக் குழாய் மாட்டியிருந்தால் அதை எடுத்து, சிறுநீர் இயல்பாகப் போக ஆரம்பித்த பின் முதல் நாட்களிலேயே தொடங்கலாம். இதன் பலன் தெரிய மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டியிருக்கும். இது பழகிய பிறகு, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஒரு குதிகாலைத் தரையில் சறுக்கி நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பைத் தூக்குவது என்று கூட்டலாம். ஒவ்வொரு கட்டத்திலும் அளவுகோல் ஒன்றே: முகடு எழும்பக் கூடாது, சிறுநீர் கசியக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஓட்டம், குதிப்பு போன்றவை 12 வாரத்துக்கு முன் வேண்டாம்.

படுக்கையிலிருந்து எழும் விதமும் முக்கியம். நேராக நிமிர்ந்து எழாமல், பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை குழந்தைக்காக எழுகிறவருக்கு இதுவே பெரிய வேறுபாடு.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இடைவெளி தானாகக் குறைவது பெரும்பாலும் முதல் எட்டு வாரத்தில் நடந்துவிடுகிறது. அதன் பின் பயிற்சியால் இடைவெளி முழுதாக மூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பட்டையின் இறுக்கமும் தசைகளின் ஒத்துழைப்பும் கூடும், முதுகு வலி குறையும், வயிறு தள்ளுவது குறையும். அகலம் அரை விரல் மிச்சமிருந்தாலும் அது தோல்வி அல்ல.

இனி பெல்ட். சிசேரியனுக்குப் பிறகு முதல் சில வாரம், எழும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும் மெல்லிய பெல்ட் வலியைக் குறைக்கிறது, தெம்பாக நடக்க உதவுகிறது. அதற்குப் போட்டுக்கொள்ளலாம். விலகல் அதிகமுள்ளவர்களுக்கும் வேலை செய்யும்போது அது தற்காலிகத் துணை. ஆனால் வயிற்றை உள்ளே அமுக்கி உருவத்தை மாற்றும் என்று மூச்சு முட்ட இறுக்கினால், பற்பசைக் குழாயை நடுவில் அழுத்திய கதைதான். உள்ளே இருப்பது மேலேயும் கீழேயும்தான் போகும். கீழே இருப்பது இடுப்புத்தளம். அடியில் கனமாக இறங்குவது போலவோ, ஏதோ பிதுங்குவது போலவோ உணர்ந்தால், சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வந்தால், பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரல் எளிதாக நுழையாவிட்டால், அது இறுக்கம் அதிகம். கழற்றினால் வயிறு பழையபடி வந்துவிடும், ஏனென்றால் பெல்ட் இருந்த நேரத்தில் தசை வேலை செய்யவில்லை.

சிசேரியன் ஆனவர்களுக்குத் தனியாக ஒரு பேச்சு உண்டு: "தசையை வெட்டிட்டாங்க, இனிமே வயிறு இறங்காது." வழக்கமான அறுவையில் தோல், கொழுப்பு, தசையின் மேலுறை, கருப்பை ஆகியவைதான் வெட்டப்படுகின்றன. அந்த நீளத் தசைகளை நடுவில் பிரித்து ஒதுக்குகிறார்களே தவிர வெட்டுவதில்லை. தழும்புக்கு மேலே சதை மடிந்து தொங்குவதற்குக் காரணம், தழும்பு அடியிலுள்ள அடுக்கோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்க, அதற்கு மேலிருக்கும் திசு வீங்கித் தளர்ந்து நிற்பது. வீக்கம் மாதக்கணக்கில் மெல்ல வடியும். தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வும் பல மாதம் இருக்கலாம். காயம் முழுதாக ஆறிய பின், பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு, தழும்பை விரல் நுனியால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்துவது ஒட்டுதலைத் தளர்த்த உதவும். அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. "முதுகுல ஊசி போட்டதாலதான் முதுகு வலி" என்பதும் இதோடு சேர்ந்து வரும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கான வலிக்கு அது காரணமில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தளர்ந்த வயிற்றுத் தசையும், குனிந்தபடி பால் கொடுப்பதும்தான் பெரும்பாலும் காரணம். குழந்தையைத் தலையணையால் மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பாதி வலி குறையும்.

இப்போது பேசுகிறவர்கள் பக்கம் வருவோம். இந்தப் பேச்சில் ஒரு விசித்திரம், எந்தப் பக்கம் போனாலும் தாய்க்குத் தப்ப வழியில்லை. உடம்பு போட்டிருந்தால் "பார்த்துக்கக் கூடாதா?" இளைத்திருந்தால் "பால் எப்படிப் பத்தும்?" சீக்கிரம் மெலிந்தவரிடம் "என்ன பண்ணினே, சொல்லேன்" என்கிற பாராட்டும் சில நேரம் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள், நூறில் ஐந்து பேரை ஒட்டிய எண்ணிக்கையில் தைராய்டு சுரப்பி அழற்சி வருகிறது. முதல் மாதங்களில் படபடப்பு, கை நடுக்கம், வேகமாக எடை இறங்குதல் என்று தொடங்கும். பிறகு அப்படியே திரும்பி சோர்வு, மலச்சிக்கல், எடை ஏற்றம், மந்தமான மனநிலை. முதல் கட்டத்தில் "சூப்பரா மெலிஞ்சுட்ட" என்பார்கள், இரண்டாம் கட்டத்தில் "சோம்பேறி ஆயிட்ட" என்பார்கள். டி.எஸ்.ஹெச். இரத்தப் பரிசோதனை ஒன்று போதும், கண்டுபிடித்துவிடலாம்.

பதில் சொல்வதில் மூன்று வகை ஆட்களைப் பிரித்துக்கொண்டால் நல்லது. கூடவே இருந்து உதவி செய்கிற மாமியார், அம்மா போன்றவர்களின் பேச்சில் பெரும்பாலும் உண்மையான கவலை இருக்கும், தகவல்தான் பழையது. அவர்களிடம் வாதம் செய்வதைவிட மருத்துவரை நடுவில் கொண்டுவருவது எளிது. "கருப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாங்க அத்தை. பெல்ட்டை ரொம்ப இறுக்கினா அழுத்தம் கீழே போகுமாம். அடுத்த தடவை செக்கப்புக்கு நீங்களும் வாங்க, நேர்லயே கேட்டுக்கலாம்." மருத்துவர் வாயிலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு வீட்டில் அடங்கும், சில சமயம் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

எப்போதாவது வந்து போகும் உறவினருக்கு விளக்கம் வீண். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் கணவர், அதுவும் தாய் வாய் திறப்பதற்கு முன்பே. "இப்பதான் பத்து நாள் ஆகுது சித்தி. டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். அவர் சொன்னால் அது தகவல். அதையே அவள் சொன்னால் "எதிர்த்துப் பேசறா" என்று ஆகிவிடுகிற வீடுகள் நிறைய. மூன்றாவது வகை, கேலிக்காகவே கேட்பவர்கள். அவர்களுக்குப் பதிலே வேண்டாம், வேலை கொடுக்கலாம்: "குழந்தையைக் கொஞ்சம் வச்சிருக்கீங்களா, நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

பேச்சு மனதில் இறங்கிவிட்டதற்கு அடையாளங்கள் உண்டு. சாப்பாட்டைத் தவிர்ப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது, ஆள் வந்தால் அறையை விட்டு வராமலிருப்பது, எடை பார்ப்பார்கள் என்றே பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போடுவது. முதல் சில நாள் அழுகையும் எரிச்சலும் பலருக்கு வந்து, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்திருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாவிட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருத்துவர்கள் இதைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் படிவம்கூட வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், தாயைத் தனியே விடக் கூடாது.

உடலைப் பற்றிய பேச்சு மறைத்துவிடுகிற அவசரங்களும் உண்டு. "முகம் நல்லா பூரிச்சிருக்கு" என்று சொல்லப்படும் முகம் உண்மையில் வீங்கியிருக்கலாம். குழந்தை பிறந்த பிறகும், ஆறு வாரம் வரை, உயர் இரத்த அழுத்தத்தோடு கூடிய ப்ரீஎக்லாம்ப்சியா வரலாம். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் வரலாம். முகமும் கையும் திடீரென வீங்குவது, மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண் மங்கலாவது, வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதைத் தேய்த்துவிடக் கூடாது.

ஒரு வருடம் கழித்தும் வயிறு தள்ளியே இருந்தால், பேச்சை ஒதுக்கிவிட்டு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தொப்புளருகே சிறிய உருண்டை ஒன்று இருமும்போது வெளியே வந்து, படுத்தால் உள்ளே போனால் அது ஹெர்னியா. உள்ளே போகாமல் சிக்கி வலித்தால், வாந்தியும் சேர்ந்தால் அவசரம். தசை விலகல் மட்டும் என்றால் முதலில் பெண்கள் உடல்நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் குறைந்தது மூன்றிலிருந்து ஆறு மாதம். அதற்கும் முதுகு வலியும் பலவீனமும் குறையாவிட்டால்தான் தசைகளைச் சேர்த்துத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அதையும் பிரசவமாகி ஒரு வருடமாவது ஆன பிறகு, பால் நிறுத்தி, இனி குழந்தை வேண்டாம் என்று முடிவான பின்தான் பரிந்துரைப்பார்கள். இன்னொரு கர்ப்பம் வந்தால் தசைகள் மறுபடி விலகலாம்.